தந்தை பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகில் வைத்துத்தான் அந்தக் கடிதத்தை நான் முதன்முதலாக வாசித்தேன். எழுதியவர் எனக்கு மருமகள் முறையானவர். நயினாதீவில் பிறந்து, 1990இன் இடப்பெயர்வில் சிறு பிள்ளையாகப் புத்தளம் போய், அங்கேயே வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். யுத்தம் முடிந்த பிறகு தாய்வழியில் வந்த காணியைப் பார்க்கவென்று திரும்பி வந்து, அப்படியே தீவில் தங்கிவிட்டார். கணவர் புத்தளத்துக்காரர், கத்தாரில் வேலை. மகள் தீவகக் கல்வி வலயத்துப் பாடசாலை ஒன்றில் ஐந்தாம் தரம் முடித்திருந்தாள்.

ஒற்றைத் தாள், நாலு வரிக் கடிதம். மகளை யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலையொன்றில் சேர்க்க விடுகைப் பத்திரம் எடுத்திருக்கிறார். அதில் "தந்தை / பாதுகாவலர்" என்ற இடத்தில் கணவரின் பெயர் இருக்கிறது. இவருடைய பெயர் எங்கேயும் இல்லை. புதிய பாடசாலையில் வதிவிடச் சான்று கேட்டார்கள். காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் இவருடைய பெயரில். விடுகைப் பத்திரமோ கடல் கடந்து நிற்கிற கணவரின் பெயரில். இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்தால், இந்த வீட்டுக்காரி இந்தப் பிள்ளையின் உம்மா என்பதைச் சொல்லும் ஒரு சொல்லும் அவற்றில் இல்லை. எனவே பழைய பாடசாலை அதிபருக்கு எழுதினார்: சான்றிதழில் தந்தை பெயருடன் தனது பெயரும் வரும்படி "மாற்றித் தரவும்" என்று.

அதிபர் மறுத்துவிட்டார். "பேர் மாத்திறது எங்கட அதிகாரத்தில இல்ல, பதிவாளரிட்டப் போங்கோ" என்றாராம். போதாக்குறைக்கு உறவுக்குள்ளேயே ஒரு பெரியவர், "வாப்பா உயிரோட இருக்கேக்க உம்மாட பேர் என்னத்துக்கு? என்னவும் பிரச்சினையோ?" என்று கேட்டிருக்கிறார். மருமகள் என்னிடம் சொன்னது இதுதான்: "மாமா, அவரின்ர பேரை எடுக்கச் சொல்லி நான் கேக்கேல்ல. பக்கத்தில என்ர பேரையும் போடச் சொல்லித்தான் கேக்கிறன்."

அதிபரின் மறுப்புக்கும் பெரியவரின் சந்தேகத்துக்கும் தனித்தனியே விடை தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம்மவர்களில் இன்னும் பல தாய்மாருக்கு இதே கடிதத்தை எழுத நேரலாம்.

அரசு ஏற்கெனவே எழுதி வைத்தது

முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்போம். நம் நாட்டில் பிறப்பைப் பதிவது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி. நம்மிடம் புழங்கும் வழமையான பத்திரத்தில் தந்தைக்கு ஒரு கூடு, தாய்க்கு ஒரு கூடு. தந்தையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம் என்று எவையெல்லாம் கேட்கப்படுகின்றனவோ, அவையெல்லாம் தாய்க்கும் கேட்கப்படுகின்றன. ஆக, என் மருமகளின் பெயர் பிள்ளை பிறந்த நாள்களிலேயே அரசின் ஏட்டில் ஏறிவிட்டது. அதுமட்டுமல்ல, அவர் பிறந்த இடம் என்று "நயினாதீவு" என்ற சொல்லும் ஏறியிருக்கிறது.

பிறகு அந்தப் பெயர் எங்கே தொலைந்தது? பாடசாலையின் சேர்விடாப்பில். பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துப் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதுகிறவர், அடுத்த கூட்டில் தந்தை அல்லது பாதுகாவலர் பெயரை எழுதுகிறார். படிவம் ஒரு பெயரைத்தான் கேட்கிறது, ஒரு பெயர் எழுதப்படுகிறது. பிற்பாடு அந்தப் பாடசாலை கொடுக்கிற விடுகைப் பத்திரம், நற்சான்று எல்லாம் சேர்விடாப்பைப் பார்த்தே எழுதப்படுகின்றன. முதல் நாள் விடுபட்ட பெயர் கடைசி நாள்வரை விடுபட்டே வருகிறது.

இதைப் புரிந்துகொண்டால் அதிபரின் மறுப்புக்கு விடை கிடைத்துவிடும். பெயரை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பது சரி. பிள்ளையின் பெயரிலோ தந்தையின் பெயரிலோ பிழை இருந்தால் முதலில் பதிவாளர் அலுவலகத்தில் திருத்தி, திருத்திய பத்திரத்தைக் கொண்டுவந்துதான் பாடசாலையில் கேட்க வேண்டும். ஆனால் இங்கே மாற்ற எதுவும் இல்லை. பதிவாளரின் ஏட்டில் உள்ள ஒரு விவரம் பாடசாலையின் ஏட்டுக்கு வரவில்லை, அதைக் கொண்டுவரும்படிதான் தாய் கேட்கிறார். கடிதத்தில் இருந்த ஒரு வினைச்சொல்தான் காரியத்தைக் கெடுத்தது. "மாற்றித் தரவும்" என்று வாசித்த அதிபருக்கு அது பெயர் மாற்றமாகத் தெரிந்தது. "பதிந்து தரவும்" என்றிருந்தால் வேறு விதமாக வாசித்திருப்பார்.

"என்னவும் பிரச்சினையோ?"

பெரியவரின் கேள்வி எங்கிருந்து வந்தது? அவர் கெட்ட மனிதர் அல்ல. தாயின் பெயர் தாளில் முன்னுக்கு வந்தால் தந்தையின் பக்கத்தில் ஏதோ குறை என்று நினைக்க நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறார்கள். பழக்கியதில் சட்டத்துக்கும் பங்குண்டு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழிப் பிரசாவுரிமையைத் தந்தை வழியாக மட்டுமே கொடுத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த பின் இலங்கையில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை பிரசையாக இருந்தாரா என்பதே கேள்வி. அதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தந்தை இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று பார்க்கப்பட்டது. பிறப்புப் பத்திரத்தில் பாட்டன், பூட்டன் பற்றிய கூடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் அந்தத் தந்தைவழிக் கணக்கோடு பொருந்தி நிற்பவை.

அந்தச் சட்டத்தில் தாய் எப்போது கணக்குக்கு வந்தாள்? திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கு மட்டும் "தந்தை" என்று வருமிடத்தில் "தாய்" என்று வாசிக்க வேண்டும் என்றது சட்டம். தந்தை இல்லாத இடத்துக்குத்தான் தாய் என்ற எண்ணம் எழுத்திலேயே நின்றது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகே தாய், தந்தை இருவரில் எவர் வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை என்றாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த வழக்கம் சட்டம் திருந்திய மறுநாளே மனசிலிருந்து போய்விடாது. பெரியவர் கேட்டது அந்தப் பழைய வழக்கத்தின் கேள்வி.

அதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாயின் பெயர் சில பிள்ளைகளின் தாளில் மட்டும் வந்தால்தான் அது அந்தப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கும். எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் தாயின் பெயர் இருந்துவிட்டால், தந்தை காணாமல் போன பிள்ளையும் தந்தை விட்டுப்போன பிள்ளையும் வகுப்பில் தனியே தெரியமாட்டார்கள். யுத்தம் தின்ற தீவுப்பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை.

நசபு கெடுமா?

பெரியவர் அடுத்துச் சொன்னது மார்க்கம். பிள்ளைகளை அவரவர் தந்தையரோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்ற குர்ஆனின் கட்டளையை (33:5) அவர் எடுத்துக்காட்டினார். அந்த வசனம் எதற்காக இறங்கியது என்பது தஃப்ஸீர் படித்தவர்களுக்குத் தெரியும். ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை நபியவர்கள் வளர்த்ததால் மக்கள் அவரை முஹம்மதின் மகன் என்று அழைத்தார்கள். வளர்ப்புத் தந்தையின் பெயர் பெற்ற தந்தையின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பதுதான் அங்கே விஷயம். தந்தையின் பெயரை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் தாயின் பெயரை எழுதுவதைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை.

சரி, முன்னோர் அப்படி எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள். தொழுகையில் இரண்டாம் ரக்அத்தில் இருப்பில் அமராமல் நபியவர்கள் எழுந்துவிட்டதையும், முடிவில் மறதிக்கான ஸஜ்தா செய்ததையும் அறிவிக்கும் ஹதீஸ் நமக்குத் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை அறிவித்த ஸஹாபியின் பெயர் அப்துல்லாஹ் இப்னு மாலிக் இப்னு புஹைனா (ரலி). மாலிக் அவருடைய தந்தை. புஹைனா அவருடைய தாய். இரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன.

இதில் ஒரு சிக்கல் வரும். "இன்னாரின் மகன் இன்னாரின் மகன்" என்று அரபியில் அடுக்கினால், இரண்டாவது "மகன்" தனக்கு முன்னால் நிற்பவரைக் குறிக்கும். அப்படி வாசித்தால் புஹைனா மாலிக்கின் தாய் ஆகிவிடுவார், மனைவி மாமியாராகிவிடுவார்! இந்தப் பிழை வராதிருக்க அறிஞர்கள் எழுத்திலேயே ஒரு வழி வைத்தார்கள். மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் வரும் "இப்னு" என்ற சொல்லில் அலிஃப் எழுத்தை விட்டுவிடுவது வழக்கம். புஹைனாவுக்கு முன்னால் வரும் "இப்னு"வில் மட்டும் அலிஃபை எழுத வேண்டும், மாலிக் என்ற பெயருக்குத் தன்வீன் கொடுத்து வாசிக்க வேண்டும் என்றார்கள். அந்த அலிஃபைப் பார்த்ததும், இந்த "மகன்" அப்துல்லாஹ்வைத்தான் குறிக்கிறது, மாலிக்கை அல்ல என்று வாசகர் அறிந்துகொள்வார். முஸ்லிமுக்கு உரை எழுதிய இமாம் நவவீ அவர்களும் இதை விளக்கியிருக்கிறார். தாயின் பெயரைத் தூக்கிவிட்டால் சிக்கலே இல்லைதான். அவர்கள் தூக்கவில்லை. பெயரையும் வைத்து, குழப்பம் வராமல் எழுதும் முறையையும் கண்டுபிடித்தார்கள்.

இவர் ஒருவர் மட்டுமல்லர். நபியவர்களின் முஅத்தின்களில் ஒருவரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) தாயைக் கொண்டே அறியப்படுகிறார். அலீ (ரலி) அவர்களின் மகன் ஒருவர் தம் தாயின் கோத்திரத்தால் முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யா எனப்பட்டார். தாயின் பெயரோடு அறியப்பட்ட கவிஞர்களைத் தொகுத்தே முஹம்மது இப்னு ஹபீப் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சிறு நூல் எழுதினார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இஸ்மாயீல் என்ற ஹதீஸ் அறிஞர் தம் தாய் உலய்யாவின் பெயரால் இப்னு உலய்யா என்றே பிரபலமானார். அவருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் இமாம் ஷாஃபிஈ அவர்கள் அவரிடமிருந்து அறிவிக்கும்போது, "இப்னு உலய்யா என்று சொல்லப்படும் இஸ்மாயீல்" என்று நாசூக்காகச் சொன்னதாக வரும். தந்தையின் பெயர் மறைந்து தாயின் பெயர் மட்டும் நிற்பதை ஒருவர் விரும்பாமல் இருக்கலாம், அதை மதிக்கவும் வேண்டும். என் மருமகள் கேட்டது இப்னு உலய்யாவின் முறையை அல்ல, இப்னு புஹைனாவின் முறையை.

அரபு நாடு வரை போவானேன்? மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் நம் மக்கள் தாய்வழியாகக் குடி எண்ணுகிறார்கள். பிள்ளையின் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர், ஆனால் குடி உம்மாவின் குடி. பள்ளிவாசல் மரைக்காயர்மாரைக் குடிக்கொருவராக எடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அதனால் எவருடைய நசபும் கெட்டதாக எவரும் சொல்லவில்லை.

பெயர் வேறு, அதிகாரம் வேறு

அதிபருக்கு உள்ளூர இன்னொரு பயமும் இருந்தது என்று பிறகு தெரிந்தது. தாயின் பெயரைப் போட்டால், நாளைக்குத் தந்தை வந்து "என்னைக் கேக்காமல் எப்பிடி?" என்று சண்டைக்கு நிற்பாரோ என்ற பயம். இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் தாய் யார் என்பது ஒரு தகவல். பிள்ளைக்காக முடிவெடுத்துக் கையொப்பமிட யாருக்கு உரிமை என்பது வேறொன்று, அது பாதுகாவலர் உரிமை.

இரண்டாவது விஷயம் இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் கணவரும் 1984இல் தங்கள் சிறு மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார்கள். பாதுகாவலராகத் தாய் கையொப்பமிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். வங்கி விண்ணப்பத்தைத் திருப்பி, தந்தையின் கையொப்பம் வேண்டும் என்றது. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம், தந்தை, அவருக்குப் "பிறகு" தாய் என்று சொன்னதே காரணம். 1999 பெப்ரவரி 17இல் வந்த தீர்ப்பில், "பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டாம், அவர் பிள்ளையின் காரியங்களைக் கவனிக்க முடியாத, கவனிக்காத நிலையும் அதில் அடங்கும் என்று நீதிமன்றம் விளக்கியது.

அந்தத் தீர்ப்பு நம் நாட்டையோ நம் சட்டத்தையோ கட்டுப்படுத்தாது. எதற்காகச் சொல்கிறேன் என்றால், அங்கே வழக்கு வரை போனது கையொப்ப அதிகாரம். என் மருமகள் கேட்டது அதைக்கூட இல்லை. தகவலைப் பதியச் சொல்வதற்குத் தந்தையின் உரிமையில் ஒரு துளியும் குறையத் தேவையில்லை. அதே காரணத்தால், பெயர் பதியப்பட்டதை வைத்துத் தாய் பாதுகாவலர் உரிமையும் கோர முடியாது. பிணக்கு இருந்தால் அதற்கு வழி வேறு. இந்த எல்லையைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அதிபரின் பயம் பாதி போய்விடும்.

இரண்டாவது கடிதம்

இவற்றையெல்லாம் மனதில் வைத்து அடுத்த கிழமை வேறொரு கடிதம் எழுதினோம். பெயர்களை விட்டுவிட்டு அதன் உடலை இங்கே தருகிறேன்:

"சேர்விடாப்பில் தாயின் பெயரைப் பதிதல் தொடர்பாக. தங்கள் பாடசாலையில் இன்ன சேர்விலக்கத்தில் பதியப்பட்ட, இன்ன திகதியில் பிறந்த எனது மகளின் விடுகைப் பத்திரத்தில் தந்தையின் பெயர் மாத்திரம் காணப்படுகிறது. அவளது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தாய் என எனது பெயர் பதியப்பட்டுள்ளது. அப்பதிவின்படி, தந்தையின் பெயரில் எவ்வித மாற்றமும் இன்றி, தாயின் பெயரையும் தனி வரியாகச் சேர்விடாப்பில் பதிந்து, விடுகைப் பத்திரத்தையும் அவ்வாறே வழங்குமாறு வேண்டுகிறேன். இது பிள்ளையின் பெயரை மாற்றவோ பாதுகாவலரை மாற்றவோ செய்யும் விண்ணப்பம் அன்று."

"தனி வரியாக" என்பதைக் கவனிக்க வேண்டும். அதுதான் எங்கள் அலிஃப். தாயின் பெயரைப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிவிட்டால் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொரு பெயர் என்றாகிவிடும். தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பம் பாடசாலை வழியாகப் போகும் வயதில் அந்த வேறுபாடு பிள்ளையை அலைக்கழிக்கும். தனி வரி எந்தப் பெயரையும் தொடாது.

கடிதத்தோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியும் தாயின் அடையாள அட்டைப் பிரதியும் வைத்தோம். இங்கே ஒரு தடங்கல் வந்தது. பிறப்பு புத்தளத்தில் பதியப்பட்டதால் பத்திரம் சிங்களத்தில் இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். மொழிபெயர்ப்பில் தாயின் பெயர் "ஸ" என்று தொடங்கியது, அடையாள அட்டையிலோ "ச". உம்மா, பீவி என்று முடியும் பெயர்களில் அந்தக் கடைசிச் சொல் ஒரு தாளில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எழுதுவினைஞர் நிறுத்தி வைப்பது இப்படியான இடத்தில்தான். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே அடையாள அட்டையையும் காட்டி, அதிலுள்ள எழுத்தையே பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டால் இந்த அலைச்சல் மிஞ்சும். நாங்கள் அது தெரியாமல் இரண்டு முறை போனோம். சொல் முழுவதுமாகவே வேறென்றால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி தேவைப்படும்.

கத்தாரிலிருந்து கணவரும் தனக்கு ஆட்சேபனை இல்லையென்று ஒரு வரி எழுதி அனுப்பினார். அது கட்டாயமில்லை. அதிபரின் மன நிம்மதிக்காக வைத்தோம்.

அதிபர் வாசித்தார். பழைய பதிவை அடிக்காமல், மேலே எழுதாமல், சேர்விடாப்பின் குறிப்புப் பகுதியில் தாயின் பெயரையும் எந்தப் பத்திரத்தைப் பார்த்து எழுதினார் என்பதையும் எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வைத்தார். பழைய விடுகைப் பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியதொன்று கொடுத்தார். தந்தையின் பெயருக்குக் கீழே "தாய்" என்று கையால் எழுதிய ஒரு வரி. "இப்பிடியெண்டு முதலே சொல்லியிருக்கலாமே" என்றாராம்.

திரும்பி வரும்போது படகில் மருமகள் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி அவருடைய முழுப்பெயரை எழுதியிருந்தார்கள். அவருடைய பெயருக்கு முன்னால் அவருடைய வாப்பாவின் பெயர். 1990இல் இந்தத் தீவை விட்டுப் போய், திரும்பி வராமலே புத்தளத்தில் மௌத்தாகி அடங்கியவர். பேத்தியின் தாளில் அவர் பெயரும் தீவுக்கு வந்துவிட்டது.